நாலு பேர், முப்பது நாள், ஒரே அறிக்கை

கல்லூரியில் குரூப் ப்ராஜெக்ட் அறிவித்த அன்றே, மதிய இடைவேளைக்குள் பங்கு பிரித்து முடித்துவிடுவார்கள். "அறிமுகம் நீ எழுது. ஆய்வு முறை நான் பார்த்துக்கிறேன். கணக்கெல்லாம் அவன். முடிவுரை நீ." நாலு அத்தியாயம், நாலு பேர். யாருக்கும் மனக்குறை இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கி, கடைசித் தேதிக்கு முந்தைய நாளை 'சேர்க்கிற நாள்' என்று குறித்துக்கொண்டு கலைந்து போவார்கள்.

பொருளியல் மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகளுக்கு வழிகாட்டியாக இருந்து பார்த்த வகையில் சொல்கிறேன்: இப்படிப் பிரித்த குழுக்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி நாளில்தான் மாட்டிக்கொள்கின்றன. அறிமுகம் எழுதுபவர் இரண்டே நாளில் முடித்துவிட்டு மாதம் முழுக்கச் சும்மா இருப்பார். கணக்குப் போடுபவர் மற்றவர்கள் தகவல் தரும்வரை எதையும் தொட முடியாது. முடிவுரைக்காரரோ கணக்கு வந்தால்தான் முதல் வரியே எழுத முடியும். பார்வைக்கு நாலு சம பங்கு. உண்மையில் அது ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் தொடங்க முடிகிற வரிசை. வரிசையில் முதல் ஆள் இரண்டு நாள் தாமதித்தால், அந்த இரண்டு நாளும் கடைசி ஆளின் தலையில்தான் விழும்.

அறிக்கையின் அத்தியாயங்கள் வாசிப்பவரின் வசதிக்காக அமைந்தவை. வேலை அந்த வரிசையில் நடப்பதில்லை. அதனால் பிரிக்க வேண்டியது அத்தியாயங்களை அல்ல, வேலை நேரத்தை. எப்படி என்று ஒரு ப்ராஜெக்ட்டை முழுதாகப் பிரித்தே பார்ப்போம்.

மதுரையில் பி.ஏ. பொருளியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு, உழவர் சந்தையில் காய்கறி வாங்கினால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்பது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது என்பதால், அந்த ஊர் மாணவர்களுக்குப் பொருத்தமான தலைப்பு. சந்தையில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைப்பார்கள். அதைச் சுற்றுவட்டாரக் கடை விலையோடு ஒப்பிட வேண்டும். பத்துக் காய்கறிகள், ஆறு நாள், சந்தையும் மூன்று கடைகளும். இதோடு அறுபது வாடிக்கையாளர்களிடம் ஒரு கேள்வித்தாள். கடைசியில் இருபத்தைந்து பக்க அறிக்கை, பத்து நிமிடம் வகுப்பில் பேச்சு. ஆகஸ்ட் 3 திங்கட்கிழமை தலைப்பு கொடுக்கப்படுகிறது. செப்டம்பர் 2 புதன்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

முதலில் மணிக்கணக்கு. ஒரு நாள் விலை எடுக்கச் சந்தையும் மூன்று கடைகளுமாக இரண்டரை மணி நேரம். ஆறு நாளுக்குப் பதினைந்து மணி. கேள்வித்தாள் எழுதி, ஐந்து பேரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்த ஐந்து மணி. ஒருவரிடம் கேள்வி கேட்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் "அவசரமா போறேன்பா" என்று நகர்ந்துவிடுகிறவர்களையும் காத்திருப்பையும் சேர்த்தால் ஆளுக்கு இருபது நிமிடம் ஆகும். அறுபது பேருக்கு இருபது மணி. அவற்றை எக்செல்லில் ஏற்ற ஐந்து மணி, ஏற்றியதைச் சரிபார்க்க மூன்று மணி. அட்டவணைக்கும் வரைபடத்துக்கும் எட்டு மணி. எழுத்துக்குப் பதினாறு மணி. வகுப்பில் காட்டும் ஸ்லைடுகளுக்கு நாலு மணி. கூட்டினால் 76 மணி. நாலு பேருக்கும் ஆளுக்குப் பத்தொன்பது மணி. இதற்கு மேல், சேர்க்கும் நாளில் நால்வரும் கூடி உட்கார ஆறு மணி நேரம் தனி.

இந்தக் கணக்கைப் போட்டவுடன் ஒன்று புலப்படும். அத்தியாயம் என்ற பெயரே இல்லாத வேலைகள்தான் பாதிக்கு மேல். விலை எடுப்பது, ஆட்களிடம் கேட்பது, தகவல் ஏற்றுவது, சரிபார்ப்பது எல்லாம் சேர்ந்து 43 மணி. அத்தியாயக் கணக்கில் பங்கு பிரித்தவர்கள் இந்த 43 மணியை யாருக்கும் கொடுக்கவில்லை. "எல்லாரும் சேர்ந்து பண்ணலாம்" என்று விட்டிருப்பார்கள். அப்படி விட்ட வேலையை எப்போதும் ஒரே ஆள்தான் செய்துகொண்டிருப்பார்.

இப்போது ஆட்களைப் பாருங்கள். ஒருத்திக்கு வீடு சந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒருவன் தினமும் மாலையில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். வார இறுதிக் காலைகள்தான் அவனுக்கு ஓய்வு. ஒருவனுக்கு எக்செல் நன்றாக வரும். நாலாவது பெண் நன்றாக எழுதுவாள். சந்தைப் பக்கத்து வீட்டுக்காரி விலை எடுக்கும் பதினைந்து மணியையும் தானே எடுத்துக்கொண்டு, விலை பற்றிய பகுதியையும் நாலு மணியில் எழுதுகிறாள். கடையில் வேலை பார்ப்பவன் சனி, ஞாயிறு காலைகளில் முப்பது பேரிடம் கேள்வித்தாள் முடிக்கிறான், அது பத்து மணி. மொத்தத் தகவலையும் எக்செல்லில் ஏற்றுவது ஐந்து, ஸ்லைடுகள் நாலு. எக்செல்காரன் பதினைந்து பேரிடம் கேட்க ஐந்து மணி, சரிபார்க்க மூன்று, அட்டவணைக்கு எட்டு, அட்டவணைகளை விளக்கி எழுத மூன்று. எழுத்துக்காரிக்குக் கேள்வித்தாள் தயாரிப்பு ஐந்து, பதினைந்து பேரிடம் கேட்பது ஐந்து, மீதி எழுத்து ஒன்பது. ஆளுக்குப் பத்தொன்பது.

இதில் நான் முக்கியமாக நினைக்கும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, நால்வருமே தகவல் திரட்ட வெளியே போகிறார்கள். எழுதுகிறவள் ஒரு வாடிக்கையாளரிடமாவது நின்று பேசியிருந்தால்தான் அவள் எழுத்தில் உயிர் இருக்கும். வைவாவில் கேள்வி கேட்டாலும் பதில் வரும். இன்னொன்று, தகவலை ஏற்றுகிறவனும் சரிபார்க்கிறவனும் வேறு வேறு ஆள். தான் தட்டிய பிழை தன் கண்ணுக்கே தெரியாது. அறுபதில் ஆறு தாள்களை இன்னொருவர் எடுத்து முதலிலிருந்து ஏற்றிப் பார்த்து ஒப்பிட வேண்டும். ஆறிலும் பொருந்தினால் ஓரளவு நம்பலாம். ஒன்றில் இடித்தாலும் அறுபதையும் பார்த்தாக வேண்டும்.

ஆளுக்கு ஆள் வேலை கொடுத்தாயிற்று. ஆனால் கலைவதற்கு முன் இன்னொரு அரை மணி நேரம் உட்கார வேண்டும். தனித்தனியாகச் செய்யும் பகுதிகள் எங்கெங்கே ஒன்றோடொன்று தொடப்போகின்றன என்று பேசவேண்டிய நேரம் அது. வெங்காயம் என்றால் பல்லாரியா, சின்ன வெங்காயமா? தக்காளியில் நாட்டுத் தக்காளியா, பெங்களூர் தக்காளியா? முருங்கைக்காயைச் சந்தையில் கிலோவுக்குப் போட்டிருப்பார்கள், கடையில் ஒரு காய் இத்தனை ரூபாய் என்பார்கள். கீரை கட்டுக் கணக்கு. ஒரு கட்டு எல்லா இடத்திலும் ஒரே பருமன் இல்லை. கடைக்காரர் கால் கிலோ விலைதான் சொல்வார். அதை நாலால் பெருக்கினால் அவர் ஒரு கிலோவுக்குச் சொல்லும் விலை வராது. இவற்றுக்கெல்லாம் சரியான விடை என்று ஒன்றில்லை. நால்வருக்கும் ஒரே விடை இருந்தால் போதும். ஒரு தாளில் எழுதி, போட்டோ எடுத்து, குரூப்பில் மேலே தெரியும்படி பின் செய்து வைக்கலாம். கீரையை ஒப்பிட முடியாது என்று தோன்றினால் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு அவரைக்காயைச் சேர்க்கலாம். முதல் வாரம் எடுத்தால் ஐந்து நிமிட வேலை. கடைசி வாரம் எடுத்தால் எல்லா அட்டவணையும் மாறும்.

தமிழில் அறிக்கை எழுதும் குழுக்களுக்கு இன்னொன்றும் உண்டு. எந்த எழுத்துருவில் தட்டப்போகிறோம் என்பதையும் அன்றே தீர்மானிக்க வேண்டும். கைப்பேசியில் தட்டுவது யூனிகோடு. டிடிபி கடையில் கொடுத்தால் அவர்கள் பாமினியில் தட்டித் தரக்கூடும். பாமினியில் தட்டிய 'தமிழ்' என்ற சொல்லை யூனிகோடு கோப்பில் ஒட்டி எழுத்துருவை மாற்றினால் திரையில் `jkpo;` என்றுதான் வரும். பத்துப் பக்கமும் அப்படி வந்தால் எழுத்துருமாற்றி கொண்டு மாற்றலாம். ஆனால் இடையில் கலந்திருக்கும் எண்களும் ஆங்கிலச் சொற்களும் குழம்பும், வரி வரியாகப் படித்துத் திருத்த வேண்டிவரும். நால்வரும் யூனிகோடு என்று முதல் நாளே முடிவு செய்வதுதான் நிம்மதி.

இனிக் கெடு. தேதிகளை முன்னாலிருந்து பின்னால் போடாமல் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். செப்டம்பர் 2 புதன்கிழமை ஒப்படைப்பு. திங்கட்கிழமை, ஆகஸ்ட் 31, பிரின்ட்டும் ஸ்பைரல் பைண்டிங்கும். செவ்வாய்க்கிழமையைக் காலியாக விட வேண்டும். கடையில் கூட்டமிருந்தாலும், ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தாலும் அந்த நாள் காப்பாற்றும். ஆகவே சேர்க்கும் நாள் ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பல ஜெராக்ஸ் கடைகள் திறப்பதில்லை என்பதால் சனிக்கிழமையைத் தாண்டக் கூடாது. அன்று யாரும் புதிதாக எழுதக் கூடாது. எழுத்து வியாழன் இரவு, ஆகஸ்ட் 27-லேயே முடிந்திருக்க வேண்டும். எழுத ஐந்து நாளாவது வேண்டும், எனவே அட்டவணைகள் ஆகஸ்ட் 22. அதற்குத் தகவல் ஏற்றிச் சரிபார்த்தது ஆகஸ்ட் 19. அதற்கு விலையும் கேள்வித்தாளும் திரட்டி முடிப்பது ஆகஸ்ட் 16. கேள்வித்தாள் தயாராவது ஆகஸ்ட் 6. பின்னாலிருந்து வந்து பார்க்கும்போதுதான், முப்பது நாள் என்று நினைத்ததில் வெளியே போய்த் தகவல் திரட்டக் கிடைப்பது பத்து நாள்தான் என்று தெரிகிறது.

ஏன் இவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்கலாம். கனடாவில் ரோஜர் பியூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அதாவது, மோசமாகப் போனால் இவ்வளவு என்று அவர்களே சொன்னதையும் தாண்டிவிட்டது. இவர்கள் சோம்பேறிகள் அல்லர். தன் வேலையை நினைத்துப் பார்க்கும்போது தடங்கல்கள் நம் நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். ஆகவே ஒரு பையன் "ரெண்டு நாள்ல முடிச்சுடுவேன்" என்றால் அவன் பொய் சொல்லவில்லை. ஆனாலும் திட்டத்தில் நாலு நாள் போட வேண்டும்.

கெடுவில் இன்னொரு நுணுக்கம். ஒவ்வொரு தேதிக்கும் கொடுப்பவர் பெயரோடு வாங்குபவர் பெயரும் இருக்க வேண்டும். "ஆகஸ்ட் 19, டேட்டா என்ட்ரி முடியணும்" என்று எழுதினால் அது யாருக்கும் சொல்லாத பேச்சு. "ஆகஸ்ட் 19 இரவு ஒன்பது மணிக்கு எக்செல் கோப்பு எக்செல்காரன் கைக்கு வரணும், அவன் திறந்து பார்த்து, 'அறுபது வரிசை இருக்கு' என்று சொல்லணும்" என்பதுதான் கெடு. குரூப்பில் போட்டுவிட்டேன் என்பது ஒப்படைத்ததாகாது. நாலு பேரும் பார்க்கும் இடத்தில் போட்டால் நாலு பேருமே மற்றவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிடுவார்கள். கோப்பு கெட்டுப்போயிருப்பதும், பழைய கோப்பு வந்திருப்பதும் பத்து நாள் கழித்துத்தான் தெரியவரும்.

இனி, இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் ஒன்றுக்கு வருகிறேன். சேர்ப்பதற்கென்று குறித்த நாள்தான் பகுதிகள் முதல் தடவையாகச் சந்திக்கும் நாளாக இருக்கக் கூடாது. இரண்டாவது வாரத்திலேயே ஒரு ஒத்திகை வேண்டும். நம் குழுவுக்கு ஆகஸ்ட் 8 சனிக்கிழமை முதல் நாள் விலை எடுத்தாகிவிட்டது. திருத்துவதற்காகக் கேட்டுப் பார்த்த ஐந்து கேள்வித்தாள்களும் கையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் 9, இரண்டு மணி நேரம் நால்வரும் உட்காருகிறார்கள். இருக்கும் அந்தக் கொஞ்சத் தகவலைக் கொண்டே ஒரு அட்டவணை, ஒரு வரைபடம், அரைப் பக்க எழுத்து. அறிக்கை எப்படி இருக்குமோ அப்படியே, சிறிதாக.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன தெரியவரும் என்பதற்கு ஒரு கணக்கைக் காட்டுகிறேன். சந்தையில் தக்காளி கிலோ 20 ரூபாய், கடையில் 30 என்று வைத்துக்கொள்வோம். சின்ன வெங்காயம் சந்தையில் 60, கடையில் 66. சந்தையில் வாங்கினால் எத்தனை சதவீதம் மிச்சம்?

எக்செல்காரன் ஒவ்வொரு காய்க்கும் தனியாகச் சதவீதம் போடுகிறான். தக்காளியில் 33.3, வெங்காயத்தில் 9.1. இரண்டின் சராசரி 21.2 சதவீதம். எழுத்துக்காரி மொத்தமாகப் பார்க்கிறாள்: இரண்டையும் கடையில் வாங்க 96 ரூபாய், சந்தையில் 80, மிச்சம் 16. பதினாறை 96-ஆல் வகுத்தால் 16.7 சதவீதம். ஸ்லைடு போடுகிறவன் அதே 16 ரூபாயைச் சந்தை விலையான 80-ஆல் வகுத்து 20 சதவீதம் என்கிறான். மூன்று பேரும் கூட்டல் கழித்தலில் எந்தத் தப்பும் செய்யவில்லை. மூன்று பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். முதல் எண் ஒரு காய் சராசரியாக எவ்வளவு மலிவு என்று சொல்கிறது. இரண்டாவது, இரண்டிலும் ஒரு கிலோ வாங்கும் வீட்டின் கடைச் செலவில் எவ்வளவு குறையும் என்கிறது. மூன்றாவது, சந்தையைவிடக் கடையில் எவ்வளவு கூடுதல் என்கிறது.

ஒத்திகை இல்லாத குழுவில் என்ன நடக்கும்? சுருக்கத்தில் 16.7, பகுப்பாய்வில் 21.2, ஸ்லைடில் 20 என்று மூன்றும் அறிக்கையில் ஏறும். சேர்க்கும் நாளன்று அவசரத்தில் யார் கண்ணிலும் படாது. வைவாவில் ஆசிரியர் கண்ணில் படும். "எதும்மா சரி?" என்று அவர் கேட்டால் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகையில் இது வெளியே வந்தால் பத்து நிமிடத்தில் தீரும். தலைப்பு வீட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்று கேட்கிறது, எனவே இரண்டாவது முறைதான் பொருந்தும் என்று முடிவெடுத்து, ஆய்வு முறையில் ஒரு வாக்கியமாக எழுதிவிடலாம். அதோடு வீடுகள் எல்லாக் காயும் ஒவ்வொரு கிலோ வாங்குவதில்லையே என்ற கேள்வியும் எழும். வாரத்துக்கு எந்தக் காய் எத்தனை கிலோ என்று கேள்வித்தாளில் ஒரு கேள்வி சேர்க்க அப்போது நேரம் இருக்கிறது. அறுபது பேரிடமும் கேட்டு முடித்த பிறகு இது தோன்றினால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒத்திகையிலும் தப்பிப்போகிற பிழைகள் உண்டு. தேதி அப்படிப்பட்டது. சில கணினிகளில் எக்செல் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் அமைப்பில் இருக்கும். ஆகஸ்ட் 10 என்று நினைத்து `10/8` என்று தட்டினால் அது அக்டோபர் 8 என்று எடுத்துக்கொள்ளும். `11/8` நவம்பர் 8 ஆகும். `13/8` என்பதோடு ஆண்டையும் சேர்த்துத் தட்டினால், பதிமூன்றாவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒத்திகைக்குக் கையில் இருந்த விலைத் தகவலின் தேதி `8/8`. எப்படிப் படித்தாலும் ஆகஸ்ட் 8 என்பதால் பிழை அன்று தெரியவே தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது? தேதிப் பத்தியைப் பாருங்கள். எக்செல் தேதியாக எடுத்துக்கொண்டவை கட்டத்தின் வலப் பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாக விட்டவை இடப் பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே பத்தியில் இரண்டும் கலந்திருந்தால் ஏதோ கோளாறு. `10-Aug` என்று மாதப் பெயரோடு தட்டினால் இந்தத் தொல்லையே இல்லை. தகவல் ஏற்றுவதற்கும் அட்டவணை போடுவதற்கும் இடையே சரிபார்க்க மூன்று மணி ஒதுக்கியது இதற்காகத்தான்.

நடுவில் ஒருவர் பின்தங்குவார். எந்தக் குழுவிலும் நடக்கும். உடம்பு சரியில்லாமல் போகலாம், வீட்டில் விசேஷம் வரலாம். அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "எவ்வளவு முடிஞ்சிருக்கு?" என்று கேட்டால் "முக்கால்வாசி முடிஞ்சுது" என்றுதான் யாரும் சொல்வார்கள். அதற்குப் பதிலாக "முடிச்சவரைக்கும் அனுப்புடா, பார்க்கலாம்" என்று கேட்பது நல்லது. இருபது கேள்வித்தாள் முடிந்திருந்தால் இருபது தாளின் போட்டோ வரும். வரவில்லை என்றால் நிலைமை புரிந்துவிடும். சண்டையும் வேண்டாம், சந்தேகமும் வேண்டாம். விலை எடுப்பவள் தினமும் விலைப் பலகையைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுவதும் இதே காரணத்துக்குத்தான். அவளுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் அடுத்தவர் போய்ப் பலகையையும் கடைகளையும் பார்த்து அதே மாதிரி எழுதிவர முடியும்.

பின்தங்கியது தெரிந்ததும் எந்த வேலையைக் கைமாற்றலாம் என்று பார்க்க வேண்டும். கேள்வித்தாள் கேட்பதை மாற்றலாம். இருபதாவது ஆளிடம் கேட்பவரும் இருபத்தொன்றாவது ஆளிடம் கேட்பவரும் வேறு வேறாக இருந்தால் கெடுதல் இல்லை. பாதி முடிந்த அட்டவணைகளை மாற்றுவது கஷ்டம். அதை எந்த வரிசையில் போட்டான், எதை விட்டான் என்று புதியவருக்கு விளக்கும் நேரத்தில் அவனே முடித்துவிடலாம். அப்போது அவனிடமிருந்து ஸ்லைடு, கேள்வித்தாள் போன்ற மற்ற வேலைகளை எடுத்துக்கொண்டு, அட்டவணையை அவனிடமே விட வேண்டும். ஆட்களே போதாவிட்டால் வேலையைக் குறையுங்கள். அறுபது பேருக்குப் பதில் நாற்பத்தைந்து பேரிடம் கேட்டோம் என்று அறிக்கையில் நேர்மையாக எழுதினால், வழிகாட்டும் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால், பெரும்பாலான ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்வார்கள். விட்டுப்போன பதினைந்து தாளையும் வீட்டில் உட்கார்ந்து தாங்களே நிரப்புவதை எந்த ஆசிரியரும் ஏற்க மாட்டார். நிரப்பிய தாள்களைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை; எல்லாப் பதில்களும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில், ஒரே மாதிரி ஒழுங்காக இருக்கும்.

ஆகஸ்ட் 29. சேர்க்கும் நாள். எல்லாரும் ஒரே கூகுள் டாக்ஸ் கோப்பில்தானே எழுதுகிறோம், தனியாகச் சேர்க்க என்ன இருக்கிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒரே கோப்பில் இருப்பதால் பகுதிகள் அடுத்தடுத்து நிற்கும், ஒன்றோடொன்று பொருந்திவிடாது. முதல் வேலையாக, வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குப் பிறகு கோப்பை யாரும் தொடக் கூடாது என்று வைத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை காலை விசைப்பலகை ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். நாலு பேரும் நாலு கைப்பேசியில் ஒரே நேரத்தில் திருத்தினால், ஒருவர் சரிசெய்ததை இன்னொருவர் பழையபடி மாற்றிவிடுவார்.

அதன்பின் எண்கள். ஒருவர் அறிக்கையை வாசிக்க, எண் வரும் இடத்தில் எல்லாம் நிறுத்தி, எக்செல்காரன் எந்த அட்டவணையில் அது இருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாத எண்ணை எடுத்துவிட வேண்டும். இந்த வேலை ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், அவசரப்படக் கூடாது. எண்களுக்குப் பிறகு எழுத்து. இங்கே ஒவ்வொருவரும் தான் எழுதாத பகுதியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாய்விட்டு வாசிக்கும்போது ஒரே விஷயம் இரண்டு இடத்தில் வருவது காதில் விழும். ஒருவர் 'நுகர்வோர்' என்றும் இன்னொருவர் 'வாடிக்கையாளர்' என்றும் எழுதியிருப்பது தெரியும். வைவாவில் மற்றவர் எழுதிய பகுதியிலிருந்து கேள்வி வந்தாலும் பதில் சொல்லத் தெரியும். ஆசிரியர்கள் அப்படிக் கேட்பது வழக்கம்.

அலங்காரம் கடைசி. மற்ற கோப்பிலிருந்து ஒட்டும்போது வேர்டில் Keep Text Only என்று ஒட்டினால் நாலு பேரின் நாலு விதமான எழுத்து அளவும் கூடவே வந்து சேராது. அத்தியாயத் தலைப்புகளுக்கு Heading 1 கொடுத்தால் பொருளடக்கத்தை வேர்டே போட்டுத் தரும். பக்க எண்ணைக் கையால் தட்டினால் கடைசி நேரத்தில் ஒரு வரைபடம் நகர்ந்தாலும் எல்லாம் தப்பாகிவிடும். கோப்பை பிடிஎஃப் ஆக்கித்தான் பிரின்டுக்கு எடுத்துப் போக வேண்டும். கடைக் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் பக்கங்கள் இடம் மாறிவிடும். இவ்வளவும் ஆறு மணி நேரத்தில் அடங்கும், அன்று யாரும் புதிதாக எதையும் எழுத உட்காராவிட்டால்.

அறிக்கையின் கடைசியில் ஒரு பக்கத்தில் யார் எந்த வேலை செய்தார்கள் என்று எழுதிச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. விலை சேகரிப்பு இன்னார், தகவல் ஏற்றியது இன்னார், சரிபார்த்தது இன்னார் என்று. பல துறைகளில் இதை யாரும் கேட்பதில்லை. கேட்காததால்தான் காலையில் சந்தையில் நின்று ஆறு நாள் விலை எழுதியவளுக்கும், முடிவுரை எழுதி அட்டையில் முதல் பெயராக இருப்பவருக்கும் ஒரே மதிப்பெண் போகிறது.

ப்ராஜெக்ட் கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கடைசித் தேதியை மட்டும் அறிவித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். இரண்டாவது வார முடிவில் ஒவ்வொரு குழுவிடமும் அதுவரை கிடைத்த தகவலில் ஒரு அட்டவணையும் அரைப் பக்கமும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பத்து மதிப்பெண்ணை அதற்கு ஒதுக்குங்கள். ஒரு குழுவுக்குக் கால் மணி நேரம்தான் ஆகும்; பிழைகளைத் திருத்த மாணவர்களுக்கு அப்போது நாள் மிச்சமிருக்கும்.